நர்சிங் மாணவிகளுக்கு மருத்துவமனையில் பயிற்சி இடம் கேட்டால் போதுமா? எந்த ஷிப்டில் என்று எழுத வேண்டாமா?

"மாணவிகளின் நலன் கருதிக் கூடுதல் கிளினிக்கல் போஸ்டிங் வழங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து நர்சிங் கல்லூரிகளிலிருந்து மேட்ரன் மேசைக்குப் போகும் கடிதங்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. எத்தனை பேர், எந்த வார்டு, எந்த ஷிப்ட், கூட யார் வருவார்கள், எதுவும் கிடையாது. பதில் வரவில்லை என்றதும் "மேட்ரன் ஒத்துழைக்க மாட்டேங்கிறாங்க" என்று புலம்பல் வேறு. எதற்கென்றே தெரியாமல் அந்த அம்மா எப்படிச் சம்மதம் சொல்வார்?

லேபர் வார்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2021 பாடத்திட்டப்படி பி.எஸ்சி. மாணவி ஒருத்தி 10 சுகப்பிரசவம் தன் கையால் பார்த்திருக்க வேண்டும். வகுப்பில் 40 பேர் என்றால் 400 பிரசவம். ஒரு மருத்துவமனையில் நாளொன்றுக்கு 4 சுகப்பிரசவம் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் கடிகாரம் பார்த்து வருவதில்லை. காலை ஷிப்டின் ஆறு மணி நேரத்துக்குள் சராசரியாக ஒன்றுதான் விழும். இரண்டு மாதம் காலையில் மட்டும் போனால் 60 பிரசவம், தலைக்கு ஒன்றரை. அதையும் வேறு கல்லூரி மாணவிகளோடும் பயிற்சி டாக்டர்களோடும் பங்கு போட வேண்டும்.

மீதி எட்டரை கேஸ் புக்கில் எங்கிருந்து முளைக்கிறது? ஒரே ஐ.பி. நம்பர் ஐந்து பேர் கேஸ் புக்கில் "நான் பார்த்தது" என்று ஏறியிருக்கும். பிரசவ ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்தப் பொய்க்கும் வார்டு சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டுமாம்! தலை வெளியே வரும்போது பெரினியத்தை எப்படித் தாங்க வேண்டும் என்று கை பழகாத பெண் நாளைக்குத் தனியாக ஒரு தாய் முன்னால் நிற்கப் போகிறாளே, அந்தப் பயம் வேண்டாமா?

இந்த நிலையில் காலை ஷிப்டுக்கே இன்னும் பத்துப் பேர் என்று கேட்பதால் ஒரு பிரசவம்கூடக் கூடாது, வேடிக்கை பார்ப்பவர்கள்தான் கூடுவார்கள். தொண்டியிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ ரெஃபர் ஆகி, வலியில் துடித்துக்கொண்டு வந்த பெண்ணின் கால்மாட்டில் பன்னிரண்டு பேர் நிற்பது அக்கிரமம்.

கேட்க வேண்டியது மாலையும் இரவும். பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்டில் சராசரியாக இரண்டு பிரசவம் கிடைக்கும். மூன்று ஷிப்டும் கிடைத்தால் இரண்டு மாதத்தில் 240, தலைக்கு ஆறு. அப்போதும் பத்து வராது. மீதிக்கு, பிரசவம் நடக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கேட்டு மாவட்ட சுகாதார நிர்வாகத்துக்குத் தனியாக எழுத வேண்டும். அதை மேட்ரனிடம் கேட்டுப் பயனில்லை.

கல்லூரிகள் இரவைக் கேட்காததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். ட்யூட்டர் இரவில் தங்க வேண்டும், கல்லூரி வண்டி ஓட வேண்டும். இந்தச் செலவுக்குப் பயந்துதான் காலையிலேயே கூட்டத்தை அடைக்கிறார்கள். ட்யூட்டர் இல்லாமல் அனுப்பினால் மாணவி டியூட்டி சிஸ்டர் தலையில் விழுவாள். அந்த சிஸ்டர் பார்ட்டோகிராஃப் எழுதுவாரா, குழந்தையைப் பார்ப்பாரா, இவள் ஸ்டெரைல் ட்ரேயில் கை வைக்காமல் காவல் காப்பாரா? மேட்ரன் மறுப்பது இதற்காகத்தான். மறுக்கத்தான் வேண்டும்.

தடுப்பூசி இன்னொரு கூத்து. ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ் முடிய ஆறு மாதம் ஆகும். போஸ்டிங்குக்கு முந்தின வாரம் நினைவு வந்து என்ன பிரயோஜனம்? ஊசி குத்திவிட்டால் யார் பொறுப்பு, உடனே யாரைக் கூப்பிடுவது என்று ஒரு வரியாவது கடிதத்தில் இருக்கிறதா?

மேட்ரன் தனியாக உத்தரவு போட முடியாது. மருத்துவமனைத் தலைவரின் அனுமதி நகலை இணைத்துவிட்டு, கேட்பதை இப்படிக் கேளுங்கள்:

"மதிப்பிற்குரிய அம்மையீர், ஏற்கெனவே உள்ள காலை இடங்களைக் கூட்ட வேண்டாம். லேபர் வார்டில் மாலை 2 பேர், இரவு 2 பேர் வீதம் எட்டு வாரங்களுக்கு இடம் வேண்டுகிறோம். ஒவ்வொரு ஷிப்டிலும் எங்கள் ட்யூட்டர் ஒருவர் வார்டிலேயே இருப்பார். பெயர், பதிவு எண், கைபேசி எண், ஷிப்ட் அட்டவணை இணைப்பில். கையுறை, ஏப்ரன், முகக்கவசம் நாங்களே கொண்டுவருவோம். தடுப்பூசிச் சான்றுகள் இணைப்பில். ஊசி குத்துக் காயத்துக்கான சிகிச்சைச் செலவு கல்லூரியுடையது. ஒரு பிரசவம் ஒரு மாணவியின் பெயரில் மட்டுமே பதிவாகும். வாரம் ஒருமுறை ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டுத் தங்களிடம் காட்டுவோம்."

தொடங்கும் தேதியை ஆடி அமாவாசை, தை அமாவாசை வாரத்தில் போடாதீர்கள். ராமேஸ்வரம் கூட்டத்தில் உங்கள் வண்டியே நேரத்துக்கு வந்து சேராது. கடிதம் ஒரு மாதம் முன்னால் போகட்டும். டியூட்டி லிஸ்ட் போட்ட பிறகு நீட்டினால் மேட்ரன் அதை எங்கே நுழைப்பார்?