டேப்பைப் படம் பிடித்து அனுப்பும் புண்ணியவான்களே!

சுவர் மாடத்தின் அளவைக் கேட்டால் அளவைச் சொல்ல வேண்டும். என் தம்பி படம் அனுப்புகிறான். "அண்ணா, மூன்று மாடத்தையும் படம் எடுத்துவிட்டேன், நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்." என்னிடம் இருந்தது ஒரே பலகை, எட்டடி. அதாவது 96 அங்குலம். அதில் மூன்று அலமாரித் தட்டு வர வேண்டும்.

முதல் படத்தில் 31 அங்குலம் 3 நூல். மூன்றாவதில் 35 அங்குலம் 6 நூல். இரண்டாவதுதான் வினை. எண் தலைகீழாக இருக்கிறது, அதுவும் 29 மட்டும்தான் தெரிகிறது. அதற்கு வலப்பக்கம் இரண்டரை நூலில் சுவர். 29 அங்குலம் இரண்டரை நூல் என்று எழுதிவிட்டேன். கூட்டினால் 96 அங்குலத்தைத் தாண்டி மூன்றரை நூல்! இன்னொரு பலகை வாங்கச் செருப்பை மாட்டிவிட்டேன். வாசலில்தான் உறைத்தது: டேப் தலைகீழாக இருந்தால் எண்கள் வலமிருந்து இடமாக அல்லவா ஏறும்? அப்படியானால் சுவர் 29-க்கு முன்னால் நிற்கிறது. உண்மை அளவு 28 அங்குலம் ஐந்தரை நூல். பக்கத்தில் 28 தெரியும்படி ஒரு சாண் தள்ளி எடுத்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை.

இதற்கிடையே அவனும் கைப்பேசியில் கூட்டினானாம். 31.3, 28.5, 35.6. விடை 95.4. "தாராளமாகப் போதும்" என்கிறான். அடேய், அங்குலத்துக்கு எட்டு நூல், பத்து இல்லை! மூன்று நூலைப் புள்ளி மூன்று என்று தட்டினால் எப்படி? அங்குலங்களைத் தனியாகக் கூட்டு: 94. நூல்களைத் தனியாகக் கூட்டு: பதினாலரை. எட்டு நூலை ஓர் அங்குலமாக மாற்று. மொத்தம் 95 அங்குலம் ஆறரை நூல். மீதி ஒன்றரை நூல்தான். இதுவா தாராளம்?

அந்த ஒன்றரை நூலும் நிஜமில்லை. ரம்பம் சும்மா போகாது. என் மெஷின் பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் ஏறக்குறைய ஒரு நூல் மரத்தைத் தூளாக்கும். மூன்று துண்டுக்குக் குறைந்தது இரண்டு வெட்டு, ஆக இரண்டு நூல். அரை நூல் பற்றாக்குறை! மூன்று கோட்டையும் முதலிலேயே போட்டுவிட்டு வெட்டுகிறவர்களுக்குக் கடைசித் துண்டு ஏன் குட்டையாகிறது என்பது இப்படித்தான். ஒன்றை வெட்டி, வெட்டிய முனையிலிருந்து அடுத்ததை அளக்க வேண்டும்.

பலகை பிழைத்தது வேறொரு காரணத்தால். மாடத்தின் அளவுக்கே தட்டை வெட்டினால் அது உள்ளே போகாது, பூச்சைப் பெயர்க்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நூல் குறைத்தேன். 95 அங்குலம் மூன்றரை நூல், வெட்டுக்கு இரண்டு நூல். மிஞ்சியது இரண்டரை நூல். அதைச் சீவிவிட்டால் வேலை முடிந்தது.

நேற்று சமையலறைக்கென்று நான்காவது படம் வந்திருக்கிறது. இதில் எண்ணே இல்லை. கோடுகளும் அவனுடைய கட்டைவிரலும்தான்.