ஜெர்மன் ஆவணத்தில் எண்கள்

“எண்ணுக்கு மொழி கிடையாது. மொழிபெயர்க்கும்போது அப்படியே காப்பி பண்ணிவிட்டால் தப்பே வராது” என்று சிலர் சொல்கிறார்கள்.

ஜெர்மன் மருந்துத் தாள்களில் இந்த யோசனை எடுபடாது. அங்கே தசமத்துக்குக் கமா, ஆயிரத்துக்குப் புள்ளி. `1,250 mg` என்றால் அவர்களுக்கு ஒன்றேகால் மில்லிகிராம். அப்படியே விட்டால் நம் நர்ஸ் ஆயிரத்து இருநூற்றைம்பது என்றுதான் படிப்பார். ஆயிரம் மடங்கு!

`1,25` என்றிருந்தால் நமக்கே உறுத்தும், நின்று பார்ப்போம். கமாவுக்குப் பின் சரியாக மூன்று இலக்கம் வந்தால்தான் கண் ஏமாறும். அந்த இடங்களைத் தனியாகத் தேடிப் பார்த்து `1.25` என்று மாற்றுங்கள். கடைசிப் பூஜ்யம் வேண்டாம்.

தேதியில் தப்பு வந்தால் தானே தெரிந்துவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். பாதி சரி. `25/04` தெரியும். `03/04` அமெரிக்கருக்கு மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. யாருக்கும் சந்தேகமே வராது. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.



மூல ஆவணத்திலேயே அவர்கள் எழுதும் முறையும் நம் முறையும் கலந்திருந்தால்? ஆவணத்தை அனுப்பியவரிடமே நான் கேட்பேன். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதில் மொழிபெயர்ப்பாளர்கள் எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டைதான்.