அந்த 20 பைசா ஸ்கிரீன்ஷாட்

மூன்று நாளாக அந்த ஸ்கிரீன்ஷாட் சுற்றுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவரிடம் டாலர் புட் ஆப்ஷனுக்கு, அதாவது பேசிய விலைக்கு டாலரை விற்கும் உரிமைக்கு, ஒரு டாலருக்கு 52 பைசா வங்கி கேட்டதாம். பதிவு போட்டவர் ஒரு இணையக் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தாராம், "நியாய விலை 20 பைசா" என்று வந்ததாம். ஆகவே பகல் கொள்ளை. நானூறு ஷேர். பின்னூட்டத்தில் "சார், வட்டி விகிதம் ஒன்றுதான் போட்டிருக்கிறீர்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். இரண்டே மணி நேரத்தில் நான் வங்கிக் கைக்கூலி ஆகிவிட்டேன்.

சரி, கைக்கூலியாகவே கணக்கைப் போடுகிறேன்.

கொட்டேஷன் 2025 ஜனவரியில் வாங்கியது. எண்களை முழுமையாக்கிக்கொள்வோம். டாலர் 86 ரூபாய். ஸ்ட்ரைக், அதாவது ஆப்ஷனில் பேசிய விலை, அதுவும் 86. தவணை மூன்று மாதம். அப்போது நம்மூர் ரெப்போ 6.5 சதவீதம், ரூபாய் வட்டிக்கு அதையே வைத்துக்கொள்கிறேன். அமெரிக்க மத்திய வங்கியின் விகிதம் 4.25-க்கும் 4.50-க்கும் நடுவில் இருந்தது, டாலர் வட்டிக்கு 4.3 போடுகிறேன். எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம், அதாவது வோலட்டிலிட்டி, வருடத்துக்கு 4 சதவீதம். அந்த நண்பரும் இதே 4 சதவீதம்தான் போட்டிருக்கிறார், படத்திலேயே தெரிகிறது. ஆக சண்டை வோலட்டிலிட்டி பற்றியதே இல்லை.

சண்டை ஒரு கட்டத்தைப் பற்றியது. அவர் திறந்தது பங்குச் சந்தைக் கால்குலேட்டர். அதில் வட்டிக்கு ஒரே கட்டம். அதில் 6.5 போட்டார். கீழே "டிவிடெண்ட்" என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. டாலருக்கு ஏது டிவிடெண்ட் என்று 0 விட்டுவிட்டார்.

டாலருக்கு டிவிடெண்ட் உண்டு. அதன் பெயர் டாலர் வட்டி. கையில் ஒரு டாலர் இருந்தால் அது சும்மா கிடக்காது, 4.3 சதவீதம் குட்டி போடும். பங்கை வைத்திருப்பவனுக்கு டிவிடெண்ட் எப்படியோ, டாலரை வைத்திருப்பவனுக்கு இந்த வட்டி அப்படி. 1973-இல் பிளாக்கும் ஷோல்ஸும் எழுதிய ஆப்ஷன் விலைச் சூத்திரம் டிவிடெண்ட் தராத பங்குக்கானது. அதை நாணயத்துக்கு ஏற்றபடி இரண்டு வட்டியோடு கார்மனும் கோல்ஹேகனும் 1983-இல் எழுதிவிட்டார்கள். நாற்பது வருடமாக இருக்கிற விஷயம், நான் நேற்று வங்கிக்காகக் கண்டுபிடித்தது இல்லை.

எக்செல்லில் போட வேண்டியது இவ்வளவுதான். `S` இன்றைய டாலர் விலை, `K` ஸ்ட்ரைக், `rd` ரூபாய் வட்டி, `rf` டாலர் வட்டி, `v` வோலட்டிலிட்டி, `T` வருடக் கணக்கில் காலம் (மூன்று மாதத்துக்கு 0.25):

```
d1  = (LN(S/K) + (rd - rf + v^2/2)*T) / (v*SQRT(T))
d2  = d1 - v*SQRT(T)
put = K*EXP(-rd*T)*NORMSDIST(-d2) - S*EXP(-rf*T)*NORMSDIST(-d1)
```

சதவீதத்தை 6.5 என்று போடாமல் 0.065 என்று போடுங்கள். d1 0.285, d2 0.265 வரும். புட் விலை 47 பைசா. அதே ஸ்ட்ரைக்கில் கால் ஆப்ஷன், அதாவது வாங்கும் உரிமை, 94 பைசா. இப்போது `rf` கட்டத்தில் மட்டும் 0 போட்டுப் பாருங்கள். புட் 20 பைசாவுக்கு இறங்கும். கால் 1 ரூபாய் 59 பைசாவுக்கு ஏறும். இதோ அவருடைய 20 பைசா! வங்கி எதையும் ஒளிக்கவில்லை. அமெரிக்க வட்டியை இவர்தான் மறந்தார்.

ஒரு கட்டம் இவ்வளவு புரட்டிப்போடுமா என்றால், அதற்குக் காரணம் ஃபார்வர்டு விலை. ஒருவர் இன்று 86 ரூபாய் கடன் வாங்கி ஒரு டாலர் வாங்குகிறார் என்று வையுங்கள். மூன்று மாதத்தில் கடன் 87 ரூபாய் 41 பைசா ஆகும். டாலர் 1.0108 ஆகும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 86.47. மூன்று மாதம் கழித்துத் தரும் டாலருக்கு இன்றே பேசும் விலை இதுதான். இதை விட்டு விலகினால் ஒரு பக்கம் கடன் வாங்கி மறுபக்கம் போட்டுச் சும்மா காசு பார்ப்பார்கள். டாலர் வட்டியை 0 என்று வைத்தால் இந்த விலை 87.41-க்குத் தாவுகிறது. டாலர் 87.41-ஐ நோக்கிப் போகிறது என்று நம்பும் சூத்திரம், 86-க்கு விற்கும் உரிமைக்கு என்ன பெரிய விலை சொல்லிவிடும்? அதனால்தான் 20 பைசா.

"அப்படியானால் மூன்று மாதத்தில் டாலர் 86.47 ஆகும் என்று ஜோசியம் சொல்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை ஐயா. 86.47 என்பது இரண்டு வட்டிக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்திலிருந்து வருவது, அவ்வளவே. டாலர் 84-க்கும் போகலாம், 90-க்கும் போகலாம். கால் விலை புட்டைப் போல் இரண்டு மடங்கு இருப்பதைப் பார்த்து "வங்கிக்கே தெரியும், டாலர் ஏறப் போகிறது" என்று இன்னொருவர் துப்பறிந்திருக்கிறார். இரண்டுக்கும் இடையே உள்ள 47 பைசா, ஃபார்வர்டுக்கும் ஸ்ட்ரைக்குக்கும் உள்ள வித்தியாசத்தின் இன்றைய மதிப்பு. அதில் யாருடைய கணிப்பும் இல்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: வட்டி வித்தியாசம் கணிப்பு அல்ல.

சரி, இரண்டு வட்டியும் போட்டேன், இடம் மாற்றிப் போட்டுவிட்டேன் என்று ஒருவர் உள்பெட்டிக்கு வந்தார். மரியாதையாகக் கேட்ட ஒரே ஆள். அவருக்குப் புட் 94 பைசா, கால் 47 பைசா என்று தலைகீழாக வந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆப்ஷனைத் தொடும் முன் ஃபார்வர்டைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். ரூபாய் வட்டி அதிகமாக இருக்கும்போது ஃபார்வர்டு ஸ்பாட்டை, அதாவது இன்றைய விலையை விட மேலே இருக்க வேண்டும். 85.53 என்று கீழே வந்தால் வட்டிகள் இடம் மாறிவிட்டன என்று அர்த்தம்.

இன்னும் நல்ல வழி, ரெப்போவையும் அமெரிக்க விகிதத்தையும் தேடி அலையாமல் அதே தேதிக்கு ஃபார்வர்டு என்ன விலை என்று வங்கியிடமே கேட்பது. சந்தையில் உண்மையில் நடக்கும் வட்டி வித்தியாசம் அந்த விலைக்குள்ளேயே இருக்கிறது. மத்திய வங்கி விகிதங்களோடு அது அச்சாகப் பொருந்த வேண்டும் என்று இல்லை.

வட்டி விஷயம் அதோடு முடிந்தது. இனி உண்மையில் சண்டை போடக்கூடிய ஒரே எண் வோலட்டிலிட்டி. மேலே சொன்ன கணக்கில் வோலட்டிலிட்டியை 3 ஆக்கினால் புட் 31 பைசா. 4-க்கு 47. 5-க்கு 63. ஒரு சதவீதத்துக்கு 16 பைசா. வங்கி கேட்ட 52 பைசாவை வைத்துச் சூத்திரத்தைத் திருப்பி ஓட்டினால் 4.3 சதவீதம் வருகிறது. அதாவது வங்கி அந்த ஏற்றுமதியாளருக்கு விலை சொன்னது 4.3 சதவீத வோலட்டிலிட்டியில்.

4 சதவீதம் என்றால் என்ன என்று உணர வேண்டுமானால், வருடத்துக்கு 252 வேலை நாள் என்று வைத்து அதன் வர்க்கமூலத்தால் வகுங்கள். ஒரு நாளைக்கு 0.25 சதவீதம் வரும். 86 ரூபாயில் 22 பைசா. டாலர் வழக்கமாக ஒரு நாளில் இருபது பைசா அளவுக்கு மேலும் கீழும் ஆடும் என்று நம்பினால் 4 சரி. பத்துப் பைசாதான் ஆடும் என்றால் 2 போடலாம், புட் 15, 16 பைசாதான் வரும். "போன வருட டேட்டாவில் 2 சதவீதம் கூட இல்லையே" என்று வருபவர்களுக்கு: 2024-இன் பெரும்பகுதி டாலர் 83-க்கும் 84-க்கும் நடுவில் நின்றது ரிசர்வ் வங்கி பிடித்து நிறுத்தியதால். கையை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சேர்த்துத்தான் விற்பவன் விலை கேட்பான். நடந்ததை அளப்பது வேறு, வரப் போவதற்கு விலை வைப்பது வேறு.

இப்போது நானும் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 47-க்கும் 52-க்கும் நடுவே 5 பைசா இருக்கிறது. ஒரு லட்சம் டாலருக்கு 5,000 ரூபாய். அது வங்கியின் லாபமாக இருக்கலாம், வோலட்டிலிட்டியை உயர்த்தி வைத்ததாகவும் இருக்கலாம். சிறிய ஏற்றுமதியாளரிடம் வங்கி எந்த வோலட்டிலிட்டி போட்டது என்று பெரும்பாலும் சொல்வதில்லை, பைசாவை மட்டும் சொல்கிறது. அது தப்பு. நிதிச் சந்தையின் அடிப்படை விகிதங்களை வெளியிடும் எஃப்.பி.ஐ.எல். அமைப்பு டாலர்–ரூபாய் ஆப்ஷன் வோலட்டிலிட்டியை வெளியிடுகிறது. அதை எடுத்து வைத்துக்கொண்டு "உங்கள் 4.3 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் பேரம் நடக்கும். 5,000 ரூபாய்க்குப் பேசியிருக்க வேண்டியவர்கள், "32 பைசா திருடிவிட்டார்கள்" என்று கத்திக்கொண்டு போனால் மேலாளர் எதிரே உட்கார்ந்து சிரிக்கத்தான் செய்வார்.

இதில் யாரும் கவனிக்காதது ஒன்று. 52 பைசா கொடுத்து 86-க்குப் புட் வாங்கினால் அந்த ஏற்றுமதியாளருக்குக் கடைசியில் உறுதியாக நிற்பது 85.48. அதே நாளில் ஃபார்வர்டு விற்றிருந்தால் 86.47, ஆப்ஷனுக்குக் கொடுக்கும் விலையான பிரீமியம் இல்லாமல். டாலர் ஏறினால் லாபம் வேண்டும் என்பதற்காக அவர் கிட்டத்தட்ட ஒரு ரூபாயை விட்டுக்கொடுக்கிறார். அது அவருக்குத் தேவையா, ஆர்டர் ரத்தாகும் பயத்தில் வாங்கினாரா, யாராவது கேட்டீர்களா? நானூறு பேர் ஷேர் செய்தீர்கள். அவருடைய இன்வாய்ஸ் தேதி என்ன என்று ஒருத்தர் கேட்கவில்லை.

"வங்கிக்கு வக்காலத்து" என்று எழுதியவர்களில் இரண்டு பேர் பத்து வருடமாக என்னைத் தெரிந்தவர்கள். பரவாயில்லை. பதிவின் சொந்தக்காரர் நேற்று இரவு "விளக்கம்" என்று இன்னொரு ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கிறார். ஆசையாகத் திறந்தேன். வோலட்டிலிட்டியை 4-லிருந்து 3.9 ஆக்கியிருக்கிறார். டிவிடெண்ட் கட்டத்தில் இன்னும் 0.