சீல் பிரிக்காத பழைய சென்ட்: ஒரு திருத்தம்

"சீல் பிரிக்காத பாட்டில் என்றால் எத்தனை வருடமானாலும் வாசனை கெடாது, முழு விலை கொடுக்கலாம்."

அப்படி இல்லைங்க. செலோபேன் உறை சூட்டைத் தடுக்காது. சூடான இடத்தில் கிடந்த பாட்டில் பிரிக்காமலேயே கெடும். எலுமிச்சை, பெர்கமாட் மாதிரி அடித்ததும் வரும் மேல்வாசனைதான் முதலில் போகும். பிரித்த பெட்டிக்கும் உறையைப் புதிதாகச் சுற்ற முடியும்.

சோதிப்பது எளிது. காகிதத் துண்டில் அடித்து உடனே முகருங்கள். புளிப்போ நகப்பூச்சு நெடியோ வந்தால் மேல்வாசனை போய்விட்டது. அரை மணி நேரம் கழித்து மறுபடி முகருங்கள். கடைசிவரை நிற்கும் அடிவாசனை நன்றாக இருந்தால் பூசிக்கொள்ளலாம், ஆனால் முழு விலை தராதீர்கள். பிரிக்க விடாத விற்பனையாளரிடம் நீங்கள் வாங்குவது பெட்டியை மட்டும்தான்.

நிறம் கருத்தாலே கெட்டது என்று சிலர் சொல்வது பாதி சரி. வெனிலா வாசனை தரும் வெனிலின் சேர்ந்தவை கெடாமலும் கருக்கும்.