பேட்டரி வைத்தால் சோலார் பில் பாதியாகுமா?

“சோலார் கரன்ட்டில் பாதிக்கு மேல் வெளியே போய் வீணாகிறது. பேட்டரி வையுங்கள், பில் பாதியாகும்!” என்று ஒரு ஃபார்வர்ட் செய்தி சொல்கிறது.

வெளியே போவது நிஜம், வீணாவதில்லை. நெட் மீட்டர் இருந்தால், மின்வாரிய லைனுக்கு வெளியே அனுப்பும் யூனிட்டை நாம் வாங்கும் யூனிட்டில் கழித்துக்கொள்வார்கள். அப்படி ஒரு வீட்டைக் கணக்குப் போடுவோம். 3 கிலோவாட் பேனல், நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட். பகலில் ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்சி எல்லாம் சேர்ந்து 4 யூனிட்தான் நேரடியாக எடுக்கின்றன. 8 வெளியே போகிறது. ராத்திரி ஏசிக்கு 6 யூனிட் திரும்ப வாங்குகிறோம். கணக்கில் 2 மிச்சம்.

சரி, பேட்டரி வைத்து 5 யூனிட் சேமித்தால்? திரும்பக் கிடைப்பது சுமார் 4.5. ஏற்றுமதி 3, வாங்குவது 1.5. மிச்சம் 1.5 ஆகக் குறைகிறது!

ஏற்றுமதிக்குக் குறைந்த விலை தரும் இணைப்பில் பேட்டரி பில்லைக் குறைக்கலாம். அப்புறம், கரன்ட் போனால் சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். அதற்காகப் பேட்டரி வாங்கினால் அது வேறு கதை.

இன்வெர்ட்டர் ஆப் காட்டும் உற்பத்தியில் மீட்டரின் ஏற்றுமதி யூனிட்டைக் கழித்தால் உங்கள் நேரடிப் பயன்பாடு தெரியும். அந்தச் செய்தியை இனி ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.