48 அளவீடுகளின் கூட்டுப்பிழை

"48 அளவீட்டை முழு எண்ணாக்கிக் கூட்டினா பிழை ±24 வரும், கூட்டுத்தொகையை நம்பவே முடியாது."

24 வெறும் உச்சவரம்பு. அத்தனை பிழையும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் வரும். ஒவ்வொரு பிழையும் −0.5 முதல் 0.5 வரை சீராகப் பரவியிருந்தால் அதன் பரவற்படி 1/12. சார்பற்ற 48-க்கும் சேர்த்து 4, திட்டவிலக்கம் 2. மைய எல்லைத் தேற்றப்படி கூட்டுப்பிழை ±4-ஐத் தாண்டும் நிகழ்தகவு சுமார் 4.55%.

இந்தத் தோராயம் அதிகபட்சம் எவ்வளவு தவறலாம் என்று சொல்லும் பெரி-எஸ்ஸீன் வரம்பைக் காட்டி ஒருவர் இதை மறுக்கலாம்; அதிலும் நியாயம் உண்டு. இங்கே அந்த வரம்பு கிட்டத்தட்ட 9%, விடையைவிடவே பெரிது. ஆனால் அது ஏறக்குறைய எந்தப் பரவலுக்கும் பொருந்த வேண்டிய உத்தரவாதம். சீர்பரவல் சமச்சீரானது, அடுத்த நிலைத் திருத்தத்தைச் சேர்த்தாலும் 4.53% தான்.

உண்மையான ஆபத்து வேறு: அளவீடுகள் பலவும் .5-இல் முடிந்து, எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கினால் பிழையின் சராசரி பூச்சியமாக இருக்காது. உங்கள் தரவு அப்படியா?