இருமல் சிரப்பு முதலில், பல் துலக்கல் அப்புறம்

“சளி சிரப்பு மருந்துதானே, பல்லை ஒன்றும் செய்யாது. பல் துலக்கிய பிறகு கொடுத்துப் படுக்க வையுங்கள்.”

இப்படிச் சொல்பவர்கள் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பல சிரப்புகளில் மருந்து கலந்திருப்பது சர்க்கரைப் பாகில். வாயிலுள்ள கிருமிகள் அதை அமிலமாக்கும். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும், மூக்கடைத்து வாயால் மூச்சு விட்டால் இன்னும் வறளும். அமிலத்தைக் கழுவ ஆளில்லை. அதனால் முதலில் சிரப்பு, அப்புறம் பல் துலக்கல். நடுராத்திரி டோஸ் என்றால் பிறகு இரண்டு மிடறு தண்ணீராவது கொடுங்கள்.

பாட்டில் லேபிளில் சுக்ரோஸ், அதாவது சர்க்கரை, இருக்கிறதா என்று பாருங்கள். ‘சிரப் பேஸ்’ என்று மட்டும் இருந்தால், சர்க்கரை இல்லாத வகை உண்டா என்று மருந்துக் கடையில் கேளுங்கள்.

தங்கச்சிமடத்து அண்ணன் ஒருவர் தொண்டை மிட்டாய்க்குப் பதில் பனங்கற்கண்டை அடக்கிக்கொள்ளச் சொன்னது பாதி சரி. தொண்டைக்கு இதம்தான், ஆனால் அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். மெல்லக் கரைவதால் பல் நெடுநேரம் இனிப்பிலேயே ஊறும்.

தொண்டி ஊர் அக்கா, பிள்ளையின் பல்லில் கறுப்புக் கறை என்று சொன்னீர்கள். அவன் மேலுதட்டைத் தூக்கி, முன்பல்லைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்பு போல வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தையின் ஆரம்பமாக இருக்கலாம். அந்தக் கறுப்புக் கறை இரும்புச் சத்து மருந்தாலும் வரும். அதைப் பல் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.